கோடு போட்ட செக்கு

சிவசம்புவுக்கு அந்த அறுபது வெள்ளியின் மேல் கெட்ட கோபம். ஏழு மாதமாக அது அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்து லோரி கம்பெனியில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை. யாழ்ப்பாணத்து மனிதர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், வாயைத் திறந்தால் எரிச்சல்தான். மாதம் முடிந்ததும் பேங்கு பாஸ் புத்தகத்தையும் கம்பெனியின் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, வரிக்கு வரி சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பார். இரண்டிலும் இருக்கிற வரி ஒழிந்தது. டிக் விழாமல் நிற்கிறதே, அதுதான் தலைவலி. பேங்கு தன்பாட்டுக்குப் பிடித்துக்கொண்ட கமிஷன் ரொக்கப் புத்தகத்தில் இருக்காது. அதை எழுதிச் சேர்க்க வேண்டும். கம்பெனி கொடுத்து இன்னும் பேங்குக்குப் போகாத செக்கு, ரொக்கப் புத்தகத்தில் செலவாகியிருக்கும், பேங்கில் பணம் அப்படியே கிடக்கும். அதைப் பட்டியல் போட்டு பேங்கு மீதியிலிருந்து கழித்துக் காட்டினால்தான் இரண்டு மீதியும் ஒன்றாகும்.

மற்ற செக்கெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் பேங்குக்குப் போய்விடும். ஒன்று மட்டும் போன வருஷம் ஜூலையிலிருந்து மாதாமாதம் பட்டியலில் உட்கார்ந்திருந்தது: இராஜம்மா, அறுபது வெள்ளி. துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்துப்போன லோரிக்காரன் கன்னையாவின் பெண்சாதி அவள். ஒரு கறவை மாடு வாங்கிப் பால் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று மேனேஜர் துரையின் காலில் விழுந்தாள். துரையும் மனம் இரங்கிச் செக்குக் கொடுத்தார்.

“காசு வேண்டாம் எண்டுற சனமும் இருக்கே? சரியான திமிர்!” என்று சிவசம்பு பியூன் அய்யாவுவிடம் எரிந்து விழுவார். அய்யாவு வாசல் பக்கம் நழுவிவிடுவான்.

பிப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து ஆடிட்டர் வந்தார். ஆறு மாதம் தாண்டிய செக்கை பேங்கு மாற்றாதே, இதை ஏன் இன்னும் தூக்கிச் சுமக்கிறீர்கள் என்றார். துரை தோளைக் குலுக்கினார். தானமாகக் கொடுத்ததுதானே, கடனா என்ன, செக்கை ரத்து செய்து கம்பெனி வரவிலேயே எழுது என்றார். சிவசம்பு கைவிரல் இனிக்க இனிக்க எழுதினார். இரண்டு மீதியும் ஒரு சதம் பிசகாமல் நின்றன. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மனுஷன் இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் இராஜம்மாவே வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடிந்து கசங்கிய செக்கை மேஜையில் வைத்தாள்.

“இவ்வளவு நாளும் ஏன் மாத்தேல்லை?” என்று சிவசம்பு சீறினார்.

“பேங்குக்குப் போனேங்கய்யா. இதுல ரெண்டு கோடு போட்டிருக்கு, உன் பேர்ல கணக்கு இருந்தாத்தான் காசுன்னாங்க. எனக்கு ஏதுங்க கணக்கு? கடைக்காரரு தன் கணக்குல போட்டுத் தரேன், பாதி எனக்குன்னாரு. வயிறு எரிஞ்சு வந்துட்டேன். இங்கயும் மூணு வாட்டி வந்தேங்க. கிராணி ஐயா கணக்குப் பாக்குறாரு, பேங்குக்கே போன்னு வாசல்லயே திருப்பிட்டாங்க.”

சிவசம்பு அய்யாவுவைப் பார்த்தார்.

“நீங்கதானுங்களே சொன்னீங்க,” என்றான் அய்யாவு. “மாசக் கடைசியில அந்த அறுபது வெள்ளிக்குக் கணக்குப் பாக்கையில ஒரு ஈ காக்காயை உள்ளே விடாதேன்னு.”

திருட்டுப் போகாமலிருக்க எல்லாச் செக்கிலும் மூலையில் இரண்டு கோடு இழுப்பது அவர் கைதான். இழுத்தால் பணம் கணக்கில்தான் விழும், கையில் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியாதா? அந்தக் கோட்டின்மேல் ‘ரொக்கமாகக் கொடு’ என்று எழுதித் துரையிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் அன்றைக்கே மாடு வந்திருக்கும். பாவி மனுஷன், ஏழு மாதமாக வரியைப் பார்த்தாரே தவிர, அந்த வரியில் இருந்த மனுஷியை நினைத்தாரா?

துரையின் அறைக்கு ஓடினார். துரை தலை நிமிரவில்லை. கணக்கு மூடியாயிற்று, ஆடிட்டர் கையெழுத்தும் ஆயிற்று, இனி பேச்சில்லை என்றார். சிவசம்பு மேலே வற்புறுத்தாமல் திரும்பினார். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இரண்டு கிராணிகளுக்குச் சீட்டுக் கிழிந்திருந்தது. அவருக்கும் மூன்று பெண்கள்.

வெளியே வந்து, தன் சட்டைப் பையிலிருந்து பத்து வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இப்போதைக்கு இதை வைச்சிருங்கோ, பிள்ளை. அந்தச் செக்கு இனிச் செல்லாது.”

இராஜம்மா அழவில்லை, ஏசவுமில்லை. நோட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தாள்.

“இதுல கோடு ஒண்ணும் போடலையேங்க?” என்றாள்.