பச்சை நாட்களும் ரவூப்பின் மேல்மாடியும்

வருகிற மாதம் எனக்கு வலக்கண்ணில் புரை எடுக்கப் போகிறார்கள். இங்கே நான் எழுதுவதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால் டொக்டர் கண் மாறி இடக்கண்ணை வெட்டட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய என் வயதில் வேறொன்றும் கைவசம் இல்லை.

நான் விஜயரத்தினம். நில அளவைத் திணைக்களத்தில் வேலைக்காலம் முழுவதும் உண்மையை மட்டுமே எழுதிக் களைத்தவன். அலுவிகாரையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் ரவூப். வீட்டின் மேல்மாடியில் மூன்று அறைகளை ஹோம்ஸ்டே ஆக்கி, ஏலம், கராம்பு, சாதிக்காய் என்று பெயரும் வைத்திருந்தார். விருந்தாளிகள் எல்லோரும் வெளிநாட்டு முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாகவே வந்தார்கள். ஒவ்வொரு புக்கிங்கிலும் அந்தத் தளம் தன் பங்கை வெட்டிக்கொள்ளும். அதைக்கூட ரவூப் பொறுத்தார். ஒருமுறை வந்து ஸரீனாவின் கறியைச் சாப்பிட்டு, ஆளைக் கட்டிப்பிடித்துப் போன ஒல்லாந்து தம்பதி, மறுவருடம் அதே தளத்தால் பதிவு செய்து வந்ததையும், அதற்கும் தளம் பங்கு கேட்டதையும்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து மனிதர் ஓரிடத்தில் உட்காரவில்லை. நடந்துகொண்டே தேத்தண்ணீர் குடிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து விரலால் கீழே இழுத்து விடுவார், புது புக்கிங் ஏதும் விழுந்திருக்கிறதா என்று. வாசலில் அவர் போய்வந்த இடத்தில் சீமெந்து குழிந்து, மழைத்தண்ணீர் தேங்கி, தவளை முட்டையிட்டதை நானே பார்த்தேன்.

மனைவி ஸரீனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, என்ட தம்பி இத்ரூஸ் பல்லேபொலயில வாடகை வீட்டுல புள்ளைகளோட நெருக்குப்பட்டு இரிக்கான். சொந்த சைட் போடப்போறேண்டு சொன்னீங்க. போடுங்க. ஹஜ் பெருநாளுக்குள்ள அதால நேரா ஒரு புக்கிங் வந்தா மேல் ரூமெல்லாம் உங்கட. வராட்டி இத்ரூஸுக்கு."

ரவூப் அன்றே லோஜனாவைக் கூட்டிவந்தார். மாத்தளை டவுனில் இணையத்தளம் செய்து கொடுக்கும் பெண்; யாரிடமும் ஏமாறாத முகம். அறைகளைப் பற்றி எழுத, எழுத்து வாசனையுள்ள அயலவன் என்று என்னைப் பிடித்தார்கள்.

"ஒவ்வொரு ரூமுக்கும் தனிப் பக்கம்," என்றாள் லோஜனா. "கட்டில் என்ன சைஸ், எத்தனை பேர் படுக்கலாம், பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, வெந்நீர் இருக்கா, விலை என்ன. ஆளுக்கு இருக்கிற கேள்விக்கெல்லாம் அந்தப் பக்கத்திலேயே பதில் இருக்கணும். இல்லாட்டி திரும்பவும் அந்தப் பெரிய தளத்துக்கே போயிடுவாங்க."

நான் ஏலம் அறையை எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அங்கிள், ஜன்னலைத் திறந்தா லக்கல யானை தும்பிக்கையால காலை வணக்கம் சொல்லும்னு எழுதியிருக்கீங்க. லக்கல மலைக்கு அந்தப் பக்கம்."

"நீளமான தும்பிக்கை, பிள்ளை."

"கட்டில் எத்தனை அடி?"

சொன்னேன். யானை போய் கட்டில் வந்தது. சாதிக்காய் அறைக்கு வெந்நீர் இல்லை என்பதையும் போட வைத்தாள். "இல்லாததை இல்லைன்னு சொன்னாத்தான் மத்ததை நம்புவாங்க," என்றாள். என் வாழ்க்கை முறைக்கே எதிரான கொள்கை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

விலையைக் குறைத்துப் போடுவோம் என்று ரவூப் துள்ளினார். லோஜனா கையைக் காட்டினாள். "அந்தத் தளத்தோட ஒப்பந்தத்தை வாசிச்சீங்களா? அவங்க கிட்ட இருக்கிறதைவிட வெளியில குறைச்சுப் போட ஏலாதுன்னு சிலதுல இருக்கும். விலை ஒண்ணா இருக்கட்டும். நேரா வாறவங்களுக்கு மட்டும் பகல் சாப்பாடு இலவசம், மாத்தளை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வாறதும் இலவசம். முதல் பக்கத்திலேயே பெருசாப் போடுவோம்."

கடைசியாக நாட்காட்டி. காலியான நாள் பச்சை, ஆள் உள்ள நாள் சாம்பல். எங்கள் நாட்காட்டியும் தளத்தின் நாட்காட்டியும் ஒரு இணைப்பால் ஒன்றையொன்று வாசிக்கும். இங்கே அடைத்தால் அங்கேயும் அடைபடும். "உடனே இல்ல, சில மணித்தியாலம் போகும்," என்று எச்சரித்தாள். "அதனால நேரா ஒரு புக்கிங் வந்தா, அங்கேயும் கையால அடைச்சிடுங்க. ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுத்திடாதீங்க."

எல்லாம் சரி. ஆனால் எங்கள் தளம் இணையத்தில் ஏறிய அன்று, ரவூப் பெருமை தாங்காமல் இணைப்பைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் விளங்க வேண்டும். அதுவரை சொந்தக்காரர் யாராவது "வந்து ரெண்டு நாள் நிண்டுட்டுப் போறோம்" என்றால், ரவூப்பிடம் ஒரு பதில் இருந்தது: "அடடா, மேல வெள்ளக்காரங்க நிக்கிறாங்களே!" வெள்ளைக்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே பதில்தான். குடும்பமே அவர் பெரிய ஹோட்டல்காரர் என்று நம்பியிருந்தது. இப்போது பச்சை நாட்கள் கலேவெல தொடங்கி அக்குறணை வரைக்கும் எல்லோர் கையிலும் வெளிச்சமாக எரிந்தன.

முதலில் வந்தது மபாஸா மாமியின் வேன்.

"காலண்டர்ல பச்சையா இரிந்திச்சி மகன், அதான் கேக்காமலே வந்தோம்," என்றபடி இறங்கினார். "எனக்குக் கராம்பு ரூம். சாதிக்காயில வெந்நீர் இல்லண்டு நீங்களே போட்டிரிக்கீங்க."

பின்னால் உக்குவெலயிலிருந்து றஹீம் சாச்சா, படியேற ஏலாதவர். அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். பிறகு பெயர் தெரியாத உறவுகள். நாகரிகம் தெரிந்த சனம் என்பதை மறுக்க முடியாது. சாம்பல் நாளில் ஒருவரும் தலைகாட்டவில்லை. பெரிய தளத்தால் புக்கிங் வந்த அன்று, அறையைக் காலி செய்யும் நேரத்துக்கு ஒழுங்காக இறங்கி, பாயோடு ரோட்டோரம் போய்க் குந்தியிருந்து, வெள்ளைக்காரர் போனதும் திரும்ப ஏறினார்கள். தம்புள்ளைப் பக்கம் ஒரு கல்யாணத்தை எங்கள் பச்சைக்கு ஏற்றாற்போல் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏலம் அறையிலிருந்துதான் புறப்பட்டார்கள். வந்தவர்களின் செருப்பு வாசலில் குவிந்து மலையானதில், ஏ-ஒன்பது வீதியில் போன பஸ்காரர்கள் அதைக் குன்றென்று நினைத்து கியரை மாற்றினார்கள்.

"நம்மட சைட்டுக்கு ஆள் நல்லா வாறாங்க," என்றாள் லோஜனா போனில். "ஆனா ஒருத்தரும் புக் பண்ணல்லையே. ஏன், ரவூப் நானா?"

"வந்தவங்களெல்லாம் மேல இரிக்கிறாங்க தங்கச்சி," என்றார் ரவூப். நடந்துகொண்டேதான்.

பெருநாளோ நெருங்கியது. ரவூப்புக்கு ஒரு யோசனை. எல்லா நாளையும் தானே அடைத்துச் சாம்பலாக்கினார். வேன்கள் நின்றன. மபாஸா மாமி போன் எடுத்து, "மாஷா அல்லாஹ், ஒரு நாள் மிச்சமில்லாம ஃபுல்லாமே!" என்று வாழ்த்தினார். ஸரீனாகூடக் கொஞ்சம் அடங்கினாள். மூன்று அறையிலும் காற்று மட்டும் குடியிருந்தது.

மறுநாள் லோஜனா நேரில் வந்தாள். வந்த வேகத்தில் எங்கள் நாய் எழுந்து வழிவிட்டது.

"நானா, என்ன செஞ்சீங்க? இங்க அடைச்சது எல்லாம் இணைப்பால அங்கேயும் அடைபட்டிருக்கு. அந்தத் தளத்திலயும் நீங்க ஃபுல். புதுசா யாரும் வரமாட்டாங்க. நம்மட சைட்டுக்கு வாறவங்களுக்கும் நீங்க ஃபுல். இப்ப யார்தான் வரலாம்?"

"பச்சையாக்கினா மாமி வருவாங்க. சாம்பலாக்கினா ஆருமே வாறல்ல. வேற கலர் இல்லையா, தங்கச்சி?"

அவள் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து வேலையை முடித்தாள். நாட்காட்டியை வெளிப் பார்வையிலிருந்து எடுத்தாள். இனி வருபவர் தான் வரும் நாளையும் போகும் நாளையும் எத்தனை பேர் என்பதையும் போட்டுக் கேட்க வேண்டும். அந்த நாட்களுக்கு அறை உண்டா இல்லையா என்று மட்டும் பதில் வரும். உண்டென்றால், முற்பணம் கட்டினால்தான் அறை உறுதி. பிறகு அடைத்ததையெல்லாம் திறந்துவிட்டாள்.

"சொந்தத்துக்கிட்ட முற்பணமா?" என்று ரவூப் நெஞ்சில் கை வைத்தார்.

"நீங்க கேக்கல்ல நானா. சைட் கேக்குது."

குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. மச்சான் வீட்டில் படுக்க வங்கி அட்டையைத் தட்டிக் காசு கட்டினான் என்ற பெயரை எவன் சுமப்பான்? மேல்மாடி அமைதியானது. பழைய தளத்தால் இரண்டொருவர் வந்தார்கள். நேரடி புக்கிங் மட்டும் வரவேயில்லை. ரவூப் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தபடி சாப்பிட்டார். ஸரீனா சட்டியோடு பின்னால் நடந்து பரிமாறினாள். இத்ரூஸ் பல்லேபொலயில் கட்டில்களைக் கழற்றத் தொடங்கிவிட்டான் என்று செய்தி வந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம், மேசையில் கிடந்த போன் துள்ளியது. ரவூப்பும் துள்ளினார்.

"வந்திட்டு! ஸரீனா, வந்திட்டு! நேரா வந்திரிக்கி! முற்பணமும் கட்டியாச்சி! மூணு ரூமும்!"

ஸரீனா கரண்டியோடு ஓடிவந்தாள். நான் வேலிக்கு மேலாலேயே வந்துவிட்டேன். லோஜனாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஓம், சரியான புக்கிங்தான்," என்றாள் அவள். "மாதக்கணக்கா நிக்கிறவங்களுக்குப் போட்ட விலைக்கழிவை எடுத்திருக்கார். நாளையில இருந்து அடுத்த வருசம் ஹஜ் பெருநாள் வரைக்கும். ஆகக் கூடினது எத்தனை நாள்னு நாங்க எல்லை வைக்கல்ல, நானா."

"பேர் என்ன?" என்று ஸரீனா கேட்டாள்.

மறுமுனையில் லோஜனா திரையைப் பார்த்து வாசித்தாள்.

"இத்ரூஸ். பல்லேபொல."

ரவூப்பின் நடை நின்றது. மாதங்களுக்குப் பிறகு அவருடைய இரண்டு காலும் ஒரே நேரத்தில் நிலத்தில் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

"பெருநாளுக்குள்ள ஒரு புக்கிங் வந்தா ரூம் என்ட எண்டுதானே சொன்னீங்க?" என்றார் மெதுவாக.

"உங்கட தான். ஆர் இல்லண்டாங்க?" என்றாள் ஸரீனா. "வாடகைக்கு விட்டிரிக்கீங்க."

பெருநாள் காலை இத்ரூஸ் போன் எடுத்தான். "மச்சான், ஈத் முபாரக். நேரா புக் பண்ணினா கூட்டிட்டுப் போவீங்கண்டு போட்டிரிக்கி. நாங்க ஸ்டேஷன்ல நிக்கிறோம். கட்டில் ஆறு, அலுமாரி ரெண்டு, ஆடு ஒண்டு. ஸரீனா ராத்தாக்கிட்ட சொல்லுங்க, பகல் சாப்பாடு பதினொரு பேருக்கு."

"பல்லேபொலயில இரிந்து ஸ்டேஷனுக்கு ஏண்டா போன?"

"அங்க இரிந்துதானே இலவசம்!"

ரவூப் லொறி பிடிக்கப் போனார். லோஜனா சொன்னபடி, போவதற்கு முன் பெரிய தளத்தின் நாட்காட்டியையும் கையாலேயே அடைத்தார். ஒரு வருடம் முழுவதும் சாம்பல். அந்த வருடத்தில் அந்தத் தளத்துக்கு எங்கள் வீதியிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. ஸரீனா நாள் தவறாமல் பகல் சாப்பாடு சமைத்தாள், மேல்மாடியில் ஆடு கத்தியது, இத்ரூஸ் ஐந்து நட்சத்திரம் போட்டு, சாதிக்காய் அறைக்கு வெந்நீர் கேட்டு விமர்சனம் எழுதினான். ரவூப் மறுபடி நடக்கத் தொடங்கினார், இம்முறை மாடிப்படியில், மேலும் கீழுமாக.

ரவூப்பின் வீட்டுக்கு மேல்மாடி இன்னும் கட்டவில்லை. கொங்கிரீட் பிளேட்டுக்கு மேலே தூண்கம்பிகள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. வெட்ட வேண்டியது எந்தக் கண் என்று டொக்டரிடம் இன்னொரு தரம் சொல்லி வைக்க வேண்டும்.