இரண்டாம் முறை வந்த வரிகள்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்கள் சொல்வதில்லை, கழிப்பறைகளே சொல்கின்றன என்று சுகாதார இயக்குநர் ஊழியர் கூட்டத்தில் முழங்கினார். கூட்டம் நடந்த மாடியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நாகரிகத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இயக்குநருக்கு நகரச் சுகாதார வாரியத்தின் துணைத் தலைவர் நாற்காலி மேல் கண். முடிவு வாரியத் தலைவியின் கையில் இருந்தது. தலைவியோ பேச்சுக்கு மயங்காதவர். நகரத்தின் முதல்தரக் கழிப்பறை எதுவோ அதை நேரில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று சொல்லியிருந்தார்.

எது முதல்தரம் என்று கண்டுபிடிக்க அக்காள் மகனை அழைத்தார் இயக்குநர். அவனுடைய முகவரி அட்டையில் ‘தரவு விஞ்ஞானி’ என்று இருந்தது. மண்டலத்துக்கொன்றாக வந்த புகார்க் கோப்புகளை அவன் தலைக்கு வாலாக ஒட்டி ஒரே சிஎஸ்வி கோப்பாக்கினான். ஒரு வரிக்கு ஒரு புகார்: கழிப்பறையின் பெயர், ஒரு காற்புள்ளி, குறை. தேதிக்கும் ஒரு பத்தி முன்பு இருந்தது. திரையில் அசிங்கமாகத் தெரிகிறது என்று இயக்குநர்தான் அதை எடுக்கச் சொன்னார். புகார் வரிகள் குறைவாக உள்ள கழிப்பறைக்கு முதலிடம்.

முதலிடத்தில் வந்தது ‘கழிப்பறைப் பெயர்’ என்ற கழிப்பறை. அதில் கண்ட குறை, ‘குறை’. அடுத்த இடத்தில் பெயரே இல்லாத ஒன்று.

முதலிடத்துக்கான பெயர்ப்பலகைக்குச் சொல்லியனுப்பிய பிறகுதான் இயக்குநருக்கு உறைத்தது. மருமகனை அழைத்து, இதென்னடா கூத்து என்றார். ஒவ்வொரு மண்டலக் கோப்பின் உச்சியிலும் தலைப்பு வரி உண்டு, ஒட்டும்போது அவையும் நடுநடுவே வந்து உட்கார்ந்துகொண்டன, கோப்புகளின் வாலில் இருந்த வெற்று வரிகளும் கூடவே வந்தன என்று அவன் விளக்கினான்.

“தூக்கிடு.”

“தலைப்பை மட்டும் தேடித் தூக்கணும்னா அதுக்குத் தனியா எழுதணும் மாமா. இதுக்கு ஒரே வரிக் கட்டளை இருக்கு. ஒரு வரி ரெண்டாவது தடவை வந்தா, அது எந்த வரியா இருந்தாலும் போயிடும்.”

“அதைப் பண்ணு. எனக்கு எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது.”

கட்டளை ஓடியது. உச்சியில் ஒரு தலைப்பு வரி நின்றது, மற்றவை ஒழிந்தன. வெற்று வரியில் ஒன்று மிஞ்சியது. அதை அவன் கையாலேயே அழித்தான். திரை கழுவித் துடைத்தது போல் இருந்தது. கோப்பு மட்டும் பத்தில் ஒரு பங்காய் இளைத்திருந்தது. தலைப்பு வரிகள் அத்தனை கனமா என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. ‘புகார்கள் பத்தில் ஒன்றாகச் சரிந்தன’ என்று இயக்குநர் அறிக்கையில் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

இப்போது முதலிடம் மொத்த விற்பனைச் சந்தைக் கழிப்பறைக்கு. பூங்காக் கழிப்பறையில் ஒரு நாள் சோப்பு இல்லை, ஒரு நாள் கண்ணாடியில் கீறல், இன்னொரு நாள் விளக்கு மங்கல். மூன்றும் வேறு வேறு வரிகள், மூன்றும் தப்பின. சந்தையில் தினமும் ஒரே குறை. அதை எழுதுகிற ஆய்வாளரும் தினமும் ஒரே சொல்லில்தான் எழுதுவார். தேதியும் போய்விட்டதால் எல்லா நாள் வரியும் ஒன்றுபோலவே இருந்தது. முதல் நாள் வரி நின்றது, மற்ற நாட்களெல்லாம் தலைப்போடு சேர்ந்து போயின.

தலைவி வந்தார். சந்தையின் அழுகிய காய்க் குவியலைத் தாண்டும்போதே மூக்கைப் பிடித்தார். பச்சைத் துணியால் மூடியிருந்த பெயர்ப்பலகையைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன. வாசலில் தேங்கியிருந்த மஞ்சள் நீரில் காலணி வழுக்கியது. உள்ளே எட்டிப் பார்த்தவர் பார்த்த வேகத்தில் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு காறித் துப்பினார்.

“இதுதான் ஊர்லயே நல்லதா?”

“கணக்கு அப்படித்தாங்க சொல்லுது. வாசல் பக்கம்தான் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.”

“அப்படியா? நீங்க இதுல போவீங்களா?”

“தாராளமா போவேங்க.”

“போங்க. நான் நிக்கிறேன்.”

நாற்காலி இவ்வளவு அருகில் இருக்கும்போது பின்வாங்க முடியாது. காலையிலிருந்தே அவருக்கு வயிறு வேறு சரியில்லை. அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வாளியின் அடியில் கரப்பான் ஒன்று மல்லாந்து கிடந்தது. குழாயைத் திருகிய சத்தம் வெளியே கேட்டது, பலமுறை கேட்டது. கோப்பில் சந்தைக்கென்று மிஞ்சியிருந்த ஒற்றை வரி ‘தண்ணீர் இல்லை’ என்பது.

தலைவி காரில் ஏறிப் போய்விட்டார், கையெழுத்துப் போடாமலே. கூட வந்திருந்த மருமகன் வாசலில் தனியாக நின்றான். வெகு நேரம் கழித்து இயக்குநர் வெளியே வந்தார்.

அவர் கையில் அறிக்கை இல்லை.