ஆறு மாதம் முதல் என்று போட்டுவிட்டார்கள்

திருச்செங்கோட்டில் கயல்விழி நடத்தும் தளிர்நடை காப்பகத்துக்கு அந்த ஜூன் மாதம் பிள்ளைகள் குறைவு. அதனால்தான் ஒரு மத்தியானம், பிள்ளைகளெல்லாம் படுத்துத் தூங்கும் நேரமாகப் பார்த்து, ஃபேஸ்புக்கில் போட நாலு வரி எழுதினாள்.

"தளிர்நடையில் சேர்க்கை நடக்கிறது. ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை. திங்கள் முதல் சனி வரை, காலை எட்டரை முதல் மாலை ஆறரை மணி வரை. வாசல் கேட் எப்போதும் உள்பக்கம் பூட்டியிருக்கும். நீங்கள் படம் கொடுத்து வைத்தவர்களிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்போம். சேர்க்கும் முன் ஒரு நடை வந்து பாருங்கள். சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை."

பிள்ளைகள் வண்ணம் பூசிய ஒரு சுவரைப் படமெடுத்து, எழுதியதோடு சேர்த்துக் கணவன் இளவழகனுக்கு அனுப்பினாள். காப்பகத்தின் ஃபேஸ்புக் பக்கம் அவன் போனில்தான் இருந்தது. போர்வெல் போடும் ரிக் லாரிகளின் உதிரிபாகக் கடையில் நின்றபடியே அவன் அதைப் போட்டுவிட்டான்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். தோளில் கைக்குழந்தை. கயல்விழி கேட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டு, மறுபடி பூட்டினாள்.

"எம் பேரு பிரபாங்க. அடுத்த தெரு பேங்க்ல வேல. சொல்லாமயே வரலாம்னு போட்டிருந்தீங்க, அதான் வந்துட்டேன். இவ அறிவு. ஏழு மாசம். திங்கக்கெழம வேலைக்குத் திரும்பணும்."

"ஏழு மாசமாங்க? நாங்க ஒன்றரை வயசுக்கு மேலதானுங்க எடுக்கறோம்."

பிரபா போனை நீட்டினாள். கயல்விழி எழுதியது எழுதியபடியே இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. 'ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை.'

கயல்விழி அங்கேயே இளவழகனைப் போனில் கூப்பிட்டாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற காப்பகத்துக்காரங்க ஆறு மாசம்னு போட்டிருக்காங்க புள்ள. நாலு பேரு கூட வருவாங்கன்னு நெனச்சேன்."

"இப்பவே மாத்துங்க" என்று வைத்துவிட்டாள்.

கேட்கவந்தவளை எப்படித் திருப்பி அனுப்புவது? ஆனால் உள்ளே பதினோரு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள அவளும் அபிநயாவும் மட்டும். ஓடுகிற பிள்ளைகளுக்கு நடுவே கைக்குழந்தையைக் கிடத்த முடியாது. பால் கொடுத்தால் தோளில் போட்டுத் தட்ட வேண்டும், தூங்கினால் மல்லாக்கப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே ஒருத்தர் இருக்க வேண்டும்.

"தப்பு எங்க மேலதானுங்க. பொறுத்துக்குங்க. கைக்கொழந்தைக்குன்னு தனி ஆளு எங்ககிட்ட இல்ல. ஆளில்லாம இவள வாங்கி வெச்சா எனக்கே தூக்கம் வராது."

பிரபா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே சொன்னாள்: "மூணு எடத்துல கேட்டேங்க. எல்லாரும் 'விட்டுட்டுப் போங்க'ன்னாங்க. யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டா முழிக்கறாங்க. நீங்கதான் முடியாதுன்னு காரணத்தோட சொல்றீங்க. உங்ககிட்ட விடத்தான் மனசு வருது."

தண்ணீர் கொண்டுவந்த அபிநயா தயங்கி நின்றாள். "அக்கா, எங்க பெரியம்மா பொண்ணு அங்கம்மா இருக்காளே, பள்ளிபாளையம் மில்லுல கைக்கொழந்தைங்க ரூமப் பாத்துட்டிருந்தா. மில்லு மூடுனதுல இருந்து ஊட்லதான் இருக்கா. கேக்கட்டுமா?"

அன்று சாயங்காலமே அங்கம்மாள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வந்தவள் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு, சாமான் அடைத்திருந்த பின்னறையைப் பார்த்தாள். "சன்னல் இருக்குது, காத்து வருது. இத ஒழிச்சுக் குடுங்க. மூணு கொழந்தைக்கு மேல எங்கிட்டக் குடுக்காதீங்க" என்றாள். அங்கம்மாள் முன்பு வேலை பார்த்த மில்லின் மேற்பார்வையாளரிடம் கயல்விழி போனில் விசாரித்தாள். நல்லபடியாகவே சொன்னார்.

பிரபா இரண்டு வாரம் விடுப்பை நீட்டிக் கேட்டாள், மேலாளர் கொடுத்தார். அதற்குள் அறையை வெள்ளையடித்து, தொட்டிலும் பாயும் போட்டார்கள். அங்கம்மாளோடு பழகட்டுமென்று பிரபா தினமும் குழந்தையைக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் கூடவே இருந்தாள்.

கயல்விழி புதிதாக எழுதினாள். 'கைக்குழந்தைகளுக்குத் தனி அறை, தனி ஆள். மூன்று பேருக்கு மட்டும். பால் கொடுக்க அம்மாக்கள் எப்போதும் வரலாம்.' இந்தத் தடவை இளவழகன் ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டான். போட்டதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியும் வைத்தான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பிரபா கவுண்டரில் உட்கார்ந்திருந்தாளே ஒழிய மனசு அங்கே இல்லை. மத்தியானம் ஏறக்குறைய ஓடியே வந்தாள். கயல்விழி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். பின்னறையில் அங்கம்மாள் தொட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அறிவு மல்லாந்து, கையை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அழுதாளாங்க?"

"கொஞ்சம் அழுதா சாமி" என்றாள் அங்கம்மாள். "அப்புறம் என் வளையலப் புடிச்சுட்டே தூங்கிட்டா. முழிக்கற நேரந்தான். நீ மொதல்ல சாப்புடு."

பிரபா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோற்று டப்பாவைத் திறந்தபோதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு நினைவு வந்தது.