ஆறவிட்ட அரைமணி

"அண்ணி, கதவைத் திறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! சூடெல்லாம் போயிடுது!"

"என் வீட்டு ஓவன், நான் திறப்பேன். காலையிலேர்ந்து ஒரு ஆட்டுத்தொடையை வச்சுக்கிட்டு என்ன தவமா பண்ற? கிழவர் போய்ச் சேர்ந்தப்புறமா ஊட்டப்போற?"

நான் பக்கத்து வீட்டிலிருந்து தயிர் கடன் கேட்கப் போனவள். தயிரை மறந்து சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கிழவர் கறிக்கடைக்காரர். மகள் தன் மனம்போல் ஒருவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் கையால் பச்சைத்தண்ணீர்கூட வாங்கியதில்லை. இப்போது படுத்த படுக்கை. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. நேற்று, என்ன நினைத்தாரோ, "அவ வந்து தொடைக்கறி வறுத்துக் குடுத்தா ஒரு வாய் சாப்பிடுறேன்" என்றுவிட்டார். அந்த ஒரு வாய்க்காகத்தான் மகள் விடிந்ததும் ஓடிவந்திருந்தாள்.

முதலில் இருநூற்றிருபது டிகிரியில் வைத்து மேல்புறத்தைச் சிவக்கவிட்டாள். பிறகு நூற்றைம்பதுக்கு இறக்கி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அலுமினியத்தாளால் இறுக்கி மூடினாள். பல்லில்லாத வாய்க்குக் கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வர வேண்டுமே! மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டியது, அண்ணி திறந்து திறந்து பார்த்த புண்ணியத்தில் நாலைத் தொட்டது.

ஒருவழியாக வெளியே வந்தது. அண்ணி கத்தியைத் தூக்கினாள்.

"இப்ப வேணாம் அண்ணி. அரைமணி ஆறட்டும். உடனே வெட்டினா சாறு பலகையில ஓடிடும். அப்பா சக்கையையா மெல்லுவாரு?"

கறியைப் பலகைக்கு மாற்றி மூடிவிட்டு, முகம் கழுவப் போனாள். அப்பா முன்னால் வியர்த்து வழிய நிற்கக்கூடாதாம்.

அண்ணி தட்டில் தேங்கியிருந்த சாற்றில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன், போகாமல் இருப்பேனா?

கிழவர் நாக்கைச் சுழற்றினார். "நல்லாயிருக்கே. அவ எங்க?"

"பொறுமையில்லாம பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டா மாமா. நான்தான் முடிச்சேன்."

"தெரியும் எனக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் தட்டோடு வந்தாள். கறி பஞ்சு மாதிரி இருந்தது, பலகையில் ஒரு சொட்டு ஓடவில்லை. "அப்பா, அப்பா" என்று கெஞ்சினாள். அவர் வாய் திறக்கவில்லை. "உங்க மருமக சொன்னது பொய்யிங்க, உங்க மக இங்கதான் இருந்தா!" என்று நானும் அவர் காதருகே கத்திப் பார்த்தேன். மூச்சு அடங்கியிருந்தது.

அண்ணனும் அண்ணியும் வீட்டை விற்றுவிட்டுக் கடலோரமாக எங்கோ குடிபோனார்கள். போன தையில் மகளுடைய பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். அண்ணன் தனியாக வந்தார். விருந்தில் தொடைக்கறி. ஓவனிலிருந்து எடுத்த கையோடு கல்யாணப் பெண்ணின் அம்மாவே வெட்டினாள். சாறு பலகை வழிந்து தரையில் சொட்டியது. "கொஞ்சம் ஆறட்டுமேடி" என்றேன்.

"சாப்பிட ஆள் இருக்கும்போதே போட்டுடணும் அக்கா" என்றாள். கறி நார்நாராக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.