முறைவைத்து வந்த குறை

சலவை ஆலையின் மேற்பார்வையாளர் ஆண்டுக்கொரு முறை செய்யும் வேலை ஒன்று உண்டு. அதை அவர் எப்போதும் ஒரே விதமாகத்தான் செய்வார். மதிய உணவு முடிந்ததும் அறைக்கதவைச் சாத்துவார். தாள்கள் பறக்காதபடி மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பார். தேநீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார். பிறகு, தமக்கு முன்னிருந்த மேற்பார்வையாளர் விட்டுச்சென்ற ஆங்கில வாக்கியங்களை மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்த்து, தொழிலாளர்களின் பணி மதிப்பீட்டுத் தாள்களில் வரிசையாக எழுதிக்கொண்டே போவார். இரண்டு பேருக்குப் புகழுரை, மூன்றாமவருக்குக் குறை. மறுபடியும் இருவருக்குப் புகழுரை. எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதினால் மேலிடம் நம்பாது என்பது அவருடைய அனுபவம். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஒரு குளத்தில் இருந்த கொக்கு, மீன்களுக்கெல்லாம் நற்சான்று எழுதித் தந்ததாம். மீன்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே கொக்குக்கும் நிம்மதி, மீன்களுக்கும் நிம்மதி. இந்த ஆலையின் நிம்மதியும் அவ்வகையைச் சேர்ந்ததே. தொழிலாளர்கள் கையெழுத்திட வேண்டிய கோட்டை மட்டும் தேடிக் கையெழுத்திட்டு, அவரவர் இயந்திரத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

இவ்வாண்டு பணியாளர் பிரிவுக்குப் புதிதாக ஓர் அலுவலர் வந்தார். வந்த வாரமே, உலர்த்தும் இயந்திரத்தில் இருப்பவரை அழைத்து, "போன வருஷம் உங்களைப் பத்தி என்ன எழுதியிருந்தாங்க?" என்று கேட்டார்.

"கையெழுத்து போடுற இடத்துல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி இருந்துச்சு மேடம். அது வரைக்கும் தெரியும்" என்றார் அவர்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி மதிப்பீட்டுக் குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும். எழுதியவரே உரியவருக்கு நேரில் படித்துக்காட்ட வேண்டும். அவர் விளங்கிக்கொண்டு கேள்வி கேட்ட பிறகே கையெழுத்து.

மேற்பார்வையாளர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்த வாக்கியங்களைப் பார்த்தார். அவை அவரைக் கைவிட்டுவிட்டன.

இவ்வாண்டு மதிப்பீட்டுக்காகப் பிறரைவிட ஆவலோடு காத்திருந்தவர் ஒருவர் உண்டு. அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் வேலை செய்யும் அந்தப் பெண்மணியை எல்லாரும் 'கழுகு' என்பார்கள். மருத்துவமனையிலிருந்து வரும் மூட்டைகளில் ஊசியோ கண்ணாடித்துண்டோ எங்கு ஒளிந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஷிப்ட் தலைவர் பதவிக்கு இருமுறை விண்ணப்பித்து, இருமுறையும் கிடைக்காமல் போனவர். இது மூன்றாம் முறை.

"சார், போன தடவை ஏன் கிடைக்கலைன்னு யாருமே சொல்லல" என்று அவர் ஒருநாள் கேட்டபோது, மேற்பார்வையாளர் மேலே சுழலும் விசிறியைக் காட்டி, "மேலிடம்மா, மேலிடம்" என்று சொல்லித் தப்பித்திருந்தார்.

இப்போது அவர் தமிழில் எழுத உட்கார்ந்தார். தமிழில் மரியாதை என்றால் அவருக்குத் தெரிந்தது அழைப்பிதழும் வாழ்த்து மடலும்தான். உலர்த்தும் இயந்திரக்காரருக்கு 'அலாரம்' என்று பெயர். அலாரம் அடிக்கவில்லை என்று சொல்லியே அவர் தாமதமாக வருவார் என்பதால் வந்த பெயர். அவரைப் பற்றி மேற்பார்வையாளர், 'பெருமதிப்பிற்குரிய இவர் காலைப் பணிக்குச் சற்றே தாமதமாக வருகை தந்து சிறப்பித்து வருகிறார்' என்று எழுதினார்.

அலாரம் அதைப் படிக்கக் கேட்டு நெகிழ்ந்துபோனார். "சார், இத்தனை வருஷத்துல என்னை யாரும் இப்படிப் பாராட்டினதில்ல. ஒரு நகல் கிடைக்குமா? வீட்டுல மாமனார்கிட்ட காட்டணும்."

மறுநாள் அலாரம் வழக்கத்தைவிட இன்னும் சற்று நேரம் கழித்து வந்து சிறப்பித்தார்.

பணியாளர் அலுவலர் மதிப்பீட்டுத் தாள்கட்டைத் திருப்பி அனுப்பினார். "மதிப்பெண் அஞ்சுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. குறிப்பைப் படிச்சா மாலை போட்டு வரவேற்கணும் போல இருக்கு. எதை நம்பறது சார்?"

மரியாதையால் அடிபட்டவர் அடுத்து துல்லியத்திடம் போனார். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை அப்படியே இறக்கினார். இஸ்திரி உருளையில் நிதானமாக வேலை செய்யும் முதியவருக்கு 'மந்தமானவர்' என்று அமைந்தது. மடிப்பு மேசையில் தன் கருத்தை உரக்கச் சொல்லும் பெண்ணுக்கு 'அடங்காதவர்' என்று அமைந்தது. அந்தப் பெண் கேட்டுவிட்டு, "இதை எங்க மாமியார்கூட எழுத்துல கொடுத்ததில்ல சார்" என்று சொல்லிப் பேனாவைத் தொடாமல் போய்விட்டார். முதியவர் அன்று முழுவதும் படுக்கைவிரிப்புகளை வேகமாகத் தள்ளி, பலவற்றைச் சுருக்கத்தோடு அனுப்பிவைத்தார்.

கட்டு மறுபடியும் திரும்பியது. மேலே ஒரு சீட்டு: 'ஆளைச் சொல்ல வேண்டாம். அவர் செய்ததைச் சொல்லுங்கள்.'

மேற்பார்வையாளரின் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவர். மாத்திரை உறைகளின் மேல் எப்போது, எத்தனை என்று எழுதி எழுதி அவருடைய கைக்கு வளவளப்பு மறந்துபோயிருந்தது. சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு தலையைப் பிடித்தபடி இருந்த கணவரைப் பார்த்தார்.

"என்னங்க, பரீட்சையா?"

"அதைவிட மோசம். மரியாதையா எழுதினா பொய்யாயிடுது. உண்மையா எழுதினா சண்டையாயிடுது."

மனைவி ஒரு தாளை எடுத்தார். "'அவ்வப்போது கவனக்குறைவு காணப்படுகிறது.' இது என்ன? நான் உறையில 'அவ்வப்போது சாப்பிடவும்'னு எழுதிக் கொடுத்தா அந்த ஆள் என்ன ஆவார்? எப்போ, எத்தனை, அதனால என்ன ஆச்சு, இனிமே என்ன செய்யணும். இவ்வளவுதானேங்க?"

"மரியாதை?"

"'அவர்'னு எழுதுங்க. வந்தார், செய்தார், நிறுத்தினார்னு எழுதுங்க. அவங்க அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுப் படிக்க முடியுமான்னு பாருங்க. முடியும்னா அதுதான் மரியாதை."

இருவரும் அமர்ந்து எழுதத் தொடங்கினார்கள். அலாரத்துக்கு, 'வாரத்தில் ஓரிரு நாள் ஷிப்ட் தொடங்கி அரைமணி கழித்து வந்தார். அந்த நாட்களில் ஈரத்துணி தேங்கியது. வந்தபின் அவருடைய வேலையில் குறை இல்லை. நேரத்துக்கு வருவது ஒன்றே அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது' என்று அமைந்தது. முதியவருக்கு, 'மற்றவர்களைவிடக் குறைந்த எண்ணிக்கையில் முடிக்கிறார். அவர் முடித்தவை மறுசலவைக்குத் திரும்புவதில்லை' என்று வந்தது. மேற்பார்வையாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டாம் முறையாகச் சோறு போட்டுக்கொண்டார்.

பிறகு கழுகின் தாள் வந்தது. போன ஆண்டு எழுதிய ஆங்கில வாக்கியத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "'தானாக முன்வந்து எதையும் செய்வதில்லை.'"

"சரி. எப்போ செய்யல? ஒண்ணு சொல்லுங்க."

மேற்பார்வையாளர் யோசித்தார். அவர் நினைவுக்கு வந்ததெல்லாம் வேறு. மூட்டைக்குள் அறுவைக் கத்தரிக்கோல் இருப்பதைக் கண்டு, யாரையும் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பெரிய இயந்திரத்தை நிறுத்தியவர் கழுகு. தொற்றுள்ள துணிகளுக்குத் தனி வண்டி வேண்டுமென்று கேட்டு, கிடைக்காதபோது பழைய வண்டிக்குத் தாமே வண்ணம் பூசியவரும் அவரே.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"அது..." மேற்பார்வையாளர் தண்ணீர் குடித்தார். "ஆளுக்கொரு டோக்கன் நம்பர் உண்டு, தாளெல்லாம் அந்த வரிசையில வரும். மூணாவது ஆளுக்குக் குறை எழுதுவேன். அவங்க நம்பர் அதுல விழுந்துடுச்சு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"ஆளுங்க மாறல. வரிசையும் மாறல."

மனைவி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஏங்க, அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கறவங்க இதைப் படிப்பாங்களா?"

அதை மேற்பார்வையாளர் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை பணியாளர் அலுவலரிடம் கேட்டார்.

"கடைசி ரெண்டு வருஷக் குறிப்பைப் பார்ப்பாங்க சார். 'முன்வந்து செய்வதில்லை'ன்னு ஒரு வருஷம் இருந்தாலே, ஷிப்ட் தலைவர் பட்டியல்ல பேரே வராது. இந்தத் தடவையும் வராது. ஏன், யாருக்கு?"

மேற்பார்வையாளர் தம் அறைக்குத் திரும்பினார். மேலிடம் என்று விரல் நீட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அந்த விரலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பிற்பகலில் கழுகு அவருடைய அறைக்கு வந்து எதிரே அமர்ந்தார். மேற்பார்வையாளர் இவ்வாண்டுக் குறிப்பைப் படித்தார். கத்தரிக்கோலும் வண்டியும் அதில் இருந்தன. கழுகு தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். போன வருஷமும் இதேதானா?"

"போன வருஷம்... இங்கிலீஷ்ல இருந்துச்சு."

"இப்போதான் தமிழ் வந்துடுச்சே. சொல்லுங்க."

"அது கொஞ்சம் பொதுப்படையா..."

"பொதுப்படையாவே சொல்லுங்க சார்."

மேற்பார்வையாளருக்கு அந்த வாக்கியத்தை மென்மையாக்கும் வழிகள் பல தோன்றின. 'இன்னும் சிறப்பாக முன்வரலாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே கழுகு இருந்தார். "தானாக முன்வந்து எதையும் செய்வதில்லைன்னு எழுதினேன். அதுக்கு முந்தின வருஷமும் அதேதான். உங்களுக்குப் பதவி கிடைக்காததுக்கு அதான் காரணம். மேலிடம் இல்ல."

வெளியே உலர்த்தும் இயந்திரம் சுழன்று நின்ற ஓசை கேட்டது.

"நான் என்ன செய்யாம விட்டேன்?"

"எதுவும் இல்லம்மா. உங்க டோக்கன் நம்பர் மூணாவதா வந்துச்சு."

கழுகு அவரையே பார்த்தார். "ரெண்டு வருஷமா, எங்கிட்ட என்ன குறைன்னு ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன் சார். என் வாய்தான் காரணமா, படிப்புதான் காரணமான்னு. டோக்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பணியாளர் பிரிவுக்கு எழுதத் தொடங்கினார். 'கடந்த இரு ஆண்டுகளின் குறிப்புகளில் தவறு நேர்ந்துவிட்டது' என்று முதல் வரி அமைந்தது. எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"நேர்ந்துடுச்சா? மழை மாதிரியா?" என்றார் கழுகு.

மேற்பார்வையாளர் அந்த வரியை அடித்தார். 'கடந்த இரு ஆண்டுகளிலும் இவரைப் பற்றி நான் எழுதிய குறை பொய்யானது. இவருடைய வேலையைப் பார்க்காமல், டோக்கன் வரிசைப்படி நான் எழுதினேன். அதனால் இவர் பெயர் இருமுறை பட்டியலுக்கு வராமல் போனது. இரு குறிப்புகளையும் நீக்கி, கீழே உள்ளவற்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். என்மீது எடுக்கும் நடவடிக்கைக்கு உடன்படுகிறேன்' என்று எழுதி, கீழே கழுகு செய்தவற்றை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தினார். இரண்டு இடங்களில் மாதம் தவறியது, கழுகு திருத்தினார்.

"கடைசி வரி எதுக்கு சார்? வேலை போயிடப் போகுது."

"இருக்கட்டும்மா. இதை மத்தவங்களுக்கும் எழுதணும். மூணாவதா வந்தவங்க எல்லாருக்கும்."

கையெழுத்திட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். கழுகு அதை முதலிலிருந்து மெல்லப் படித்தார். பிறகு எழுந்து, "வாங்க. நானும் வரேன். நீங்களே படிச்சுக் காட்டணும், அதான் விதி" என்றார்.

மேற்பார்வையாளர் சாத்தியிருந்த கதவைத் திறந்தார். இருவரும் மடிப்பு மேசைகளுக்கு நடுவே பணியாளர் பிரிவை நோக்கி நடந்தார்கள். அலுவலரின் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் முதல் வரியைப் படிக்கத் தொடங்கினார்.