கடைசி நாளில் விட்டுவைத்த இடம்

அண்ணி எட்டிச் சாவியைப் பிடுங்கினாள்.

எஞ்சின் ஒரு முறை இருமி அடங்கியது. பெட்ரோல் பங்கில் எங்களுக்குப் பின்னால் நின்ற வேன்காரர் ஹாரனை அழுத்தினார். டிரைவர் சீட்டில் இருந்த என் கணவர், காலிக் கையைப் பார்த்தார். பிறகு தன் அக்காவைப் பார்த்தார்.

"சாவியக் குடு அக்கா."

"முதல்ல வண்டியத் தள்ளி ஓரமா நிறுத்து. அப்புறம் பேசலாம்."

"சாவி இல்லாம எப்படி நிறுத்தறது?"

"கியர நியூட்ரல்ல போடு. நான் தள்ளறேன்."

தள்ளினாள். சொன்னால் செய்கிற ஜாதி அவள். பின்சீட்டிலிருந்து நானும் இறங்கிக் கை கொடுத்தேன். மாமனார் மட்டும் இறங்கவில்லை. "நான் இறங்கினா பாத்ரூம் போவேன், அதுக்கும் சேர்த்து என் மேலதான் பழி விழும்" என்றார்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை என் கணவர் துறைமுகத்தில் கிரேன் கட்டுப்பாட்டு அறைப் பயிற்சிக்குப் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காத்திருப்போர் வரிசையில் அடுத்த ஆள் உள்ளே போய்விடுவான். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவருக்கு வந்த வேலை. வீட்டைக் காலி செய்து, சாமான்களை லாரியில் ஏற்றி, நாங்கள் நால்வரும் காரில் கிளம்பியிருந்தோம். நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, நான்கு நாள் பயணம்.

இன்று மூன்றாம் நாள், சனிக்கிழமை, மாலை நான்கு மணி. முன்னால் பாலம் பழுது, பாதை மூடியாச்சு என்று பங்க்காரர் இப்போதுதான் சொன்னார். மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஓட்டலுக்குப் போய்ச் சேர இருந்த நாங்கள், இனி ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

"ஓட்டலே வேணாம்" என்றார் என் கணவர். வீட்டில் அவருக்குச் சூறாவளி என்று பெயர். வைத்தது அவர் அப்பா, பாராட்டாக அல்ல. "நேரா ஊருக்கே அடிச்சிடலாம். இந்த அஞ்சும் நாளைக்கு இருக்கற நாலும் ஒம்போது. விடியறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல நிப்போம். ஞாயித்துக்கிழமை முழுக்கத் தூங்கலாம். நாளைக்கு வேற எங்கயாவது பாலம் உடைஞ்சா என்ன பண்ணுவே?"

எனக்கே அது நியாயமாகப் பட்டது. மறைப்பானேன், சாவியைக் கொடுத்துவிடுங்கள் அண்ணி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"காலையிலேர்ந்து ஆறு மணி நேரம் சக்கரம் சுத்தியாச்சு" என்றாள் அண்ணி. "அதுக்கு மேல ஒம்போதா? என் டிப்போல இப்படி ஒரு ஷிப்ட் போட்டா, என்னையே பஸ்ஸுக்கு அடியில போட்டுடுவாங்க."

அவளுக்கு வேலை அதுதான். தொலைதூரப் பேருந்து நிறுவனத்தில் டிரைவர்களுக்கு முறை போடுகிறவள். எங்கள் பயணத்தையும் அவள்தான் நாள் வாரியாகப் பிரித்திருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் கிடையாது. போன் எட்டு மணி நேரம் என்று காட்டினால், சாப்பாடு, டீ, மாமனார் எல்லாம் சேர்த்துப் பத்து என்று கணக்கு. இருட்டுவதற்குள் படுக்கை. இரண்டு மணிக்கொரு தரம் ஆள் மாற்றம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டீரிங் எப்போதும் அவளுக்கு.

"சும்மா உக்காந்தா முதுகு பிடிச்சுக்குது. ஓட்டினா தேவலை" என்பாள்.

அந்த முதுகு எங்கள் காரில் ஐந்தாவது பயணி ஆகிவிட்டது. "மகாராணி முதுகு என்ன சொல்லுது?" என்று சூறாவளி கேட்காத நாள் இல்லை. நான்காம் நாளுக்கு நாலே மணி நேர ஓட்டம்தான் வைத்திருந்தாள். அதற்கும் கேலி. "மூணு நாள்ல முடியறத முதுகுக்காக இழுக்கறா."

இப்போது அவள் போனில் வரைபடத்தை விரித்துக் கார் பானெட்டின் மேல் வைத்தாள்.

"மலை அடிவாரத்துல ஒரு ஊர் இருக்கு. ஒன்றரை மணி நேரம். இன்னிக்கு அங்க படுக்கறோம். மிச்சம் மூன்றரை. அதை நாளைக்கு நாலோட சேர். எவ்வளவு?"

"ஏழரை" என்றேன் நான்.

"எட்டுக்கு உள்ள. காலையில ஏழுக்குக் கிளம்பினா சாயங்காலம் வீடு. திங்கக்கிழமை காலையில இவன் குளிச்சு, சட்டை தேய்ச்சுப் போட்டுக்கிட்டுப் போகலாம்." தம்பியைப் பார்த்தாள். "நாலாம் நாள் ஏன் காலியா கிடக்குன்னு மூணு நாளா கேட்டியே. இதுக்குத்தான். பாலம்னு தெரியாது. ஏதோ ஒண்ணு வரும்னு தெரியும்."

"அந்த ஊர்ல ரூம் கிடைக்கலேன்னா?"

"ரெண்டு ரூம் எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். நீ பங்க்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தப்போ. பழைய ஓட்டலையும் வேணாம்னுட்டேன். ஆறு மணிக்குள்ள சொன்னா காசு பிடிக்காம விட்டுடுவாங்க, அதனாலதான் அதைப் பிடிச்சேன்."

ஒவ்வொரு நாளுக்கும், போய்ச் சேர வேண்டிய ஊருக்கு முன்னால் இன்னொரு ஊரையும் அவள் பார்த்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று நாளும் அப்படி ஊர்களைக் கடந்து வந்திருக்கிறோம். ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

மாமனார் கண்ணாடியை இறக்கினார். "டேய், தோத்துட்டே. வண்டிய எடு."

அக்காவிடமிருந்து சாவியை வாங்கிச் சூறாவளி வண்டியை எடுத்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடக் கதை, டிப்போ கதை. பதில் சொல்லாவிட்டால் தோளில் தட்டினாள்.

"பேசியே கொல்றா" என்றார் அவர்.

மறுநாள் காலை மலையேறினோம். ஓட்டியது சூறாவளிதான். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தடுப்புச் சுவர்கூட இல்லாத பள்ளம், நடுவில் பஞ்சு மாதிரி பனி. பாதி மலையில் கார்கள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்திருந்தன. ராத்திரி ஒரு லாரி வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டதாம். இப்போதுதான் இழுத்தார்களாம். எங்களுக்கு முன்னால், பங்கில் ஹாரன் அடித்த அதே வேன். கண் சிவந்த வேன்காரர் எங்களை அடையாளம் கண்டு, "நீங்க எங்க தூங்கினீங்க?" என்று கேட்டார்.

"மெத்தையில" என்றார் மாமனார்.

சூறாவளி வண்டியை மெல்ல நகர்த்தினார். இரண்டு மணி நேரம் ஆனதும், யாரும் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டிச் சாவியை அண்ணியிடம் நீட்டினார். அன்றைக்கு முதுகைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே புது வீட்டு வாசலில் இறங்கினோம். ஆண்கள் இருவரும் பெட்டிகளை உள்ளே கொண்டுபோக, அண்ணி தலையணை மூட்டை இரண்டைத் தூக்கி ஒரு தோளில் போட்டாள். மூன்றாவதை நான் எடுத்தேன்.

"வைங்க அண்ணி. உங்க முதுகுக்கு ஆகாது."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பி காது கேட்கும் தூரத்தில் இல்லை.

"என் முதுகுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"போன மாசம் லாரி பேச நானும் அவனும் போனோமே. திரும்பறப்போ, சாப்பிட்ட அப்புறம், நேரான ரோடு. பேசிட்டே இருந்தவன் நின்னுட்டான். திரும்பிப் பார்த்தா கண்ணு மூடியிருக்கு. வண்டி ஓரத்துக்குப் போகுது. நான்தான் ஸ்டீரிங்கப் பிடிச்சேன். என்னக்கா, ஏன் பிடிக்கறேன்னு கேட்டான். அவனுக்குத் தெரியவே இல்ல."

மூட்டை என் கையிலிருந்து நழுவியது.

"அவன்கிட்ட சொல்லியிருந்தா, அப்படி இல்லேன்னு காட்டறதுக்கே ராத்திரி பூரா ஓட்டுவான். உன்கிட்ட சொல்லியிருந்தா நாலு நாளும் நீ பின்னாடி உக்காந்து கண் கொட்டியிருக்க மாட்டே." விழுந்த மூட்டையையும் எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டாள். "டாக்டர்கிட்ட காட்டணும். புதன்கிழமைக்கு நேரம் வாங்கியாச்சு. அதுவரைக்கும் எனக்கு முதுகு வலிதான்."