பத்தில் ஏழாவது தப்பு

முப்பது நாள் திட்டத்தை நான் எழுதி முடித்தபோது எனக்கு ஏழாம் மாதம். பிப்ரவரி முதல் வாரத்தோடு பிரசவ விடுப்பு. கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேலே இருந்த எங்கள் கம்பெனியில் மொத்தமே ஆறு பேர். அதில் டெஸ்டர் நான் ஒருத்திதான். மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட விவரத்தை போனில் பதிகிற ஓர் ஆப்தான் எங்கள் சரக்கு. மாட்டின் காதில் மாட்டிய வில்லையில் இருக்கும் எண்ணை அடித்து 'சேமி'யைத் தட்டினால் சர்வருக்குப் போய்ச் சேரும். நான் போன பிறகு அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி தங்கதுரை ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவருக்கு வயது நாற்பத்தாறு.

பெயர் வேடியப்பன். இருபது வருடம் தனியார் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றது, அவர் வேலையும் நின்றது. வீட்டிலிருந்தபடியே போனில் டெஸ்டிங் கோர்ஸ் ஒன்று முடித்திருந்தார். எனக்கு இருபத்தொன்பது வயது, அவருக்கு நான் மேடம். மாதாவே, இது எங்கே போய் முடியப் போகிறது என்றிருந்தது எனக்கு.

"முப்பதாம் நாள் தேறினா நிரந்தரம். இல்லன்னா வேற ஆள் பாக்கலாம். நீதாம்மா சொல்லணும்" என்று தங்கதுரை எல்லாப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

வேடியப்பன் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார். "இந்த வயசுல இன்னொருத்தன் வேல குடுக்க மாட்டான் மேடம். இது போனா வூட்ல மூஞ்சி காட்ட முடியாது."

எனக்குச் சங்கடமாக இருந்தது. அதை மறைக்கத் திட்டத்தை நீட்டினேன். இரண்டு ராத்திரி தூங்காமல் எழுதியது. முதல் வாரம் ஆப்பைச் சும்மா பயன்படுத்திப் பழக வேண்டும். இரண்டாம் வாரம் ஏற்கெனவே இருக்கிற டெஸ்ட் கேஸ்களை, அதாவது சோதனைப் படிகளை, என்னோடு உட்கார்ந்து ஓட்டி, தப்பு வந்தால் எப்படி எழுதுவது என்று கற்க வேண்டும்: என்ன செய்தேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. மூன்றாம் வாரம் தேர்வு. நானே பத்து தப்புகளைப் பட்டியல் போட்டு, எங்கள் டெவலப்பர் பிரவீன்குமாரை விட்டுப் பயிற்சி பில்டில், அதாவது பழகுவதற்கென்றே செய்த ஆப் பதிப்பில், ஒளித்து வைத்திருந்தேன். எட்டைக் கண்டுபிடித்தால் தேர்ச்சி. நான்காம் வாரம் வெளியே போகப் போகிற அசல் பில்டைச் சோதிப்பது, கல்வராயன் மலைக்கு ஒரு நாள் போய்வருவது. முப்பதாம் நாள் முடிவு.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பாராட்டப் போகிறார் என்று பார்த்தால், "முப்பது நாள்னா பொங்கல் லீவையும் சேத்தா, சேக்காமலா?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. "சேத்துத்தான்" என்றேன்.

"நாலாம் நாளு டெஸ்ட் சர்வர்ல பாருன்னு போட்டுக்கிறீங்க. அதுக்கு பாஸ்வேர்டு ஆறாம் நாளு தர்றதா இருக்குது. நடுவுல ரெண்டு நாளு நான் இன்னா பண்றது?"

பிரவீன்குமார் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்து, புரையேறி இருமினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டத்தைப் பிடுங்கித் திருத்திக் கொடுத்தேன். அடுத்த நாள் இன்னொரு சந்தேகத்தோடு வந்தார். என் திட்டத்தில் மட்டும் அவர் கண்டுபிடித்தவை பதினொன்று. ஆப்பில் கண்டுபிடித்தது அதுவரை பூஜ்யம்.

தேர்வு வாரம் வந்தது. மனுஷர் அவசரமே படமாட்டார். ஒரு தப்பு கண்ணில் பட்டால் உடனே எழுத வேண்டியதுதானே? மாட்டார். திரும்பச் செய்து, அதுவும் அப்படியே வந்தால்தான் எழுதுவார்.

"கண்டக்டர் மேல எழுதுறதுக்கு முன்னாடி தலைய ரெண்டு தடவ எண்ணணும் மேடம். தப்பா எழுதிட்டா அவன் பொழப்பு போச்சு" என்றார்.

"இது கண்டக்டர் இல்லண்ணே, கம்ப்யூட்டர். அது ஒண்ணும் அழாது."

"எழுதினவன் டெவலப்பர் ஆச்சே, அவன் அழுவானே" என்று பிரவீனைப் பார்த்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

வாரம் முடிந்தபோது ஏழு பிடித்திருந்தார். பாக்கி மூன்றில் இரண்டு கஷ்டமானவை, போகட்டும். ஆனால் பட்டியலில் ஏழாவது சின்னப் பிள்ளையும் பிடிக்கக்கூடியது. 'சேமி' பொத்தானை வேகமாக இரண்டு தடவை தட்டினால் ஒரே மாடு இரண்டாகப் பதிவாகும். அவர் குறிப்பு நோட்டில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "சேமி – இரண்டு தடவை தட்டினேன். ஒன்றுதான் பதிவானது. சரி." சிவப்புப் பேனாவால் பக்கத்தில் "இன்னும் நன்றாகப் பார்க்கவும்!" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். அன்று சாயங்காலம் வரை அவர் அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். சத்தம் என் மேஜை வரை கேட்டது. நோட்டில் மறுபடி, "இருபது தடவை பார்த்தேன். ஒன்றுதான்."

சரி, மலைக்குப் போய்வரட்டும், அதற்குள் ஒன்று கிடைக்காதா என்று நினைத்தேன். உள்ளுக்குள் அவர் தேற வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எட்டு என்று எழுதியது நான், அதை நானே அழிப்பதா?

மலை நாள் இருபத்தாறாம் நாள். அன்றைக்குப் பார்த்துக் கலெக்டர் ஆபீஸ் முன்னால் இட ஒதுக்கீட்டு ஆர்ப்பாட்டம். நாள் குறிக்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை. அது என் திட்டத்தில் பன்னிரண்டாவது தப்பு. பிரவீன்குமாரை அவன் மாமா ஆர்ப்பாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். வேடியப்பன் முதல் பஸ்ஸிலேயே வெள்ளிமலைக்கு ஏறிவிட்டிருந்தார். மத்தியானம் இறங்கும்போது, டவுனுக்குள் வண்டி விடவில்லை என்று போன் வர, டிரைவர் மலைப்பாதை வளைவு ஒன்றிலேயே பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். ஒன்றரை மணி நேரம். எல்லோரும் இறங்கி அரட்டை அடிக்க, நம் ஆள் ஒரு பாறையில் உட்கார்ந்து இல்லாத மாடுகளை டெஸ்ட் சர்வரில் பதிந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் நோட்டை என் முன் வைத்தார். "இருவத்தஞ்சு மாடு அடிச்சேன். சர்வர்ல இருவத்தெட்டு கீது. மூணு மாடு ரெட்டையா வந்துக்கினு கீது."

நான் துள்ளாத குறை. "அப்பாடா! புடிச்சிட்டீங்கண்ணே! அதுதான் ஏழாவது. எட்டு ஆயிடுச்சு, தேறிட்டீங்க!"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க வெச்ச தப்பா?"

"ஆமாண்ணே."

"நீங்க பயிற்சி பில்ட்லதான வெச்சீங்க? நான் மலைக்கு எடுத்துக்கினு போனது அசல் பில்டு. பில்டு நம்பர் நோட்டுல எழுதிக்கீறேன் பாருங்க. அப்புறம், நான் ரெண்டு தடவ தட்டல. ஒரு தடவதான்."

"எப்படியோ வந்துச்சு இல்ல? டிக் போட்டுக்கிறேன், விடுங்க."

"வேணாம் மேடம். இது அது இல்ல."

"அது இல்லன்னா உங்களுக்கு ஏழுதான். தெரியுமா?"

"தெரியும்" என்றார். நோட்டைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

மலையில் சிக்னல் இல்லாததால்தான் இருக்கும் என்று பிரவீன்குமார் அன்று முழுக்க போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தான். ஒரு மாடும் ரெட்டையாகவில்லை. "எங்கிட்ட வரலக்கா" என்று கையை விரித்தான். டெவலப்பர்கள் எல்லோரும் இதை எந்தக் கோவிலில் கற்றுக்கொண்டு வருகிறார்களோ!

முப்பதாம் நாள் வந்தது. மறுநாள் மலையில் நடக்கும் தடுப்பூசி முகாமுக்கு பில்ட் போக வேண்டும். தங்கதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எத்தினி?"

"ஏழு" என்றேன். சொல்லும்போது வேடியப்பனைப் பார்க்க முடியவில்லை.

"எட்டுனு நீதானம்மா எழுதின?"

வேடியப்பன் கையைத் தூக்கினார். "என் கணக்கு இருக்கட்டும் சார். பில்டு வெளிய போவறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம். தம்பி, டெஸ்ட் சர்வர் பதில் சொல்றத அஞ்சு செகண்டு லேட்டாக்க முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"அந்த வளைவுல சிக்னல் போறதும் வர்றதுமா இருந்துச்சு. முழுசா இல்லாம இருந்தா கோளாறு இல்ல. ஒருத்தன் டிக்கெட் கேக்கறான், கண்டக்டர் கிழிச்சிக் குடுக்கறாரு, கூட்டத்துல கைக்கு வந்து சேரல. இவன் மறுபடியும் கேக்கறான். ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட். அது மாதிரிதான் இருக்கும்னு தோணுது."

பிரவீன் ஐந்து விநாடித் தாமதம் வைத்தான். வேடியப்பன் ஒரு மாட்டை அடித்தார், ஒரே தடவை தட்டினார், இரண்டு வரை எண்ணினார், நெட்டை வெட்டினார். கொஞ்சம் பொறுத்து நெட்டை விட்டார். பதில் வராததால் போன் தானாகவே மறுபடி அனுப்பியது. சர்வரில் இரண்டு மாடு.

"ஐயோ" என்றான் பிரவீன். "ஒவ்வொரு பதிவுக்கும் போன்லயே ஒரு நம்பர் குடுத்திருக்கணும். அது இருந்தா ரெண்டாவது தடவ வந்தத சர்வர் கண்டுபுடிச்சி ஒதுக்கியிருக்கும்."

தங்கதுரைக்கு வேர்த்துவிட்டது. "பில்ட நிறுத்து. ரெண்டு நாள் கழிச்சிக் குடுத்துக்கலாம்" என்றவர், என்னிடம் திரும்பினார். "சரி, இது நீ வைக்காதது. வெச்சதுல புடிச்சது ஏழுதான? அந்த லேசானத ஏன் விட்டாரு?"

எனக்கும் அந்த ஆதங்கம் இருந்தது. "பாருங்கண்ணே, எவ்ளோ சுலபம்" என்று பயிற்சி பில்டைத் திறந்து, 'சேமி'யை டக்டக்கென்று தட்டினேன். ஒரு மாடு. மறுபடி தட்டினேன். ஒன்றுதான். இன்னும் வேகமாகத் தட்டினேன். வயிற்றுக்குள் இருந்ததும் சேர்ந்து உதைத்தது. ஒன்றுதான்.

பிரவீன்குமார் மெல்ல எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"டேய்!"

"அக்கா... ஒரு தடவ தட்டினதும் பொத்தான முடக்கற வரி ஒண்ணு புரோகிராம்ல இருக்கு. அத எடுத்தாத்தான் தப்பு வரும். எடுக்கணும்னு நெனச்சேன். பட்டியல்ல டிக் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

அவன் டிக் போட்டதை நான் நம்பினேன். ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆறு வருட டெஸ்டர்! வெட்கத்தில் காது சுட்டது. வேடியப்பன் நோட்டை எடுத்து என் சிவப்பு மை தெரிகிற பக்கத்தைத் திருப்பினார். அதுதான் தாங்கவில்லை.

"என் தப்புண்ணே. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார். அன்றுதான் மேடம் போயிற்று.

"அப்ப பத்துல ஏழு இல்ல, ஒம்போதுல ஏழு" என்று தங்கதுரை விரல் விட ஆரம்பித்தார். "அது தேர்ச்சியா, இல்லையா?"

"சார், சும்மா இருக்கீங்களா" என்று படிவத்தை இழுத்து 'நிரந்தரம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் நீட்டினேன். வாங்கி, இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு தொண்டையைச் செருமினார். "தேதி போடல நீங்க."